எஸ்.ஐ.பி பணம் பிடித்தாகிவிட்டது, யூனிட் எங்கே?

ஏப்ரல் 2025-ல், தமிழ்ப் புத்தாண்டு அன்று காலை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. திண்டுக்கல் பக்கம் பணியாற்றும் பள்ளி ஆசிரியை. "சார், வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன், ஆனால் கூடவே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமையே கணக்கிலிருந்து ஐயாயிரம் போய்விட்டது. இன்று திங்கள். செயலியில் ஒரு யூனிட்கூட ஏறவில்லை. பணம் எங்கே போனது?"

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகம் என் தொழில். எஸ்.ஐ.பி என்பது குறித்த தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டு ஃபண்டில் சேரும் மாதத் தவணை, அந்தப் பணத்துக்கு ஃபண்டில் நமக்குக் கிடைக்கும் உரிமைப் பங்குதான் யூனிட். மாதத்தின் முதல் பதினைந்து நாட்களில் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இந்த ஒரே கேள்விதான். பதில் மட்டும் ஒன்றல்ல. பணம் பாதி வழியில் இருக்கலாம், வந்து சேர்ந்தும் கணக்கில் தெரியாமல் இருக்கலாம், வந்த பணத்தை ஃபண்ட் நிறுவனம் ஏற்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் கண்ணில் படுகிற அறிகுறியை வைத்து எது என்று பிரித்துவிட முடியும். இதை வாசிக்கும்போது வங்கிக் கணக்கு அறிக்கையை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி போதாது, அறிக்கைதான் வேண்டும். ஏன் என்பது அடுத்த வரியிலேயே தெரியும்.

"பணம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தது, அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை"

எளிதான வகை இது, முதலில் கழித்துவிடலாம். யூபிஐ ஆட்டோபே வழியாக எஸ்.ஐ.பி போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே "இன்ன தேதியில் இவ்வளவு பிடிக்கப்படும்" என்று ஒரு முன்னறிவிப்பு வரும். அவசரத்தில் வாசிப்பவர்கள் அதைப் பற்று வைத்த செய்தியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சில நேரங்களில் காலையில் பற்று வைக்கப்பட்டு, போதிய இருப்பு இல்லாததாலோ, பணம் பிடிக்க நீங்கள் வங்கிக்குக் கொடுத்த அனுமதியான மேண்டேட்டில் ஏதோ கோளாறாலோ அன்றே வரவும் வைக்கப்பட்டிருக்கும். பற்றுச் செய்தியைப் பார்த்தவர் வரவுச் செய்தியைப் பார்த்திருக்க மாட்டார். அறிக்கையில் இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நிற்கும். அதன் கீழே திரும்பிய பற்றுக்கான கட்டணம் என்று தனியாக ஒரு சிறு தொகையும் இருந்தால் ஐயமே வேண்டாம், அந்த மாதத் தவணை நடக்கவில்லை. யூனிட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

"அறிக்கையில் பற்று இருக்கிறது, இரண்டு மூன்று நாளாக ஒன்றும் நடக்கவில்லை"

ஆசிரியையின் நிலை இதுதான். பெரும்பாலானோரின் நிலையும் இதுதான்.

பற்று வரிக்கு எதிரே எழுதியிருப்பதை முழுதாக வாசியுங்கள். வங்கிக்கு வங்கி எழுத்து மாறும், ஆனால் பொதுவாக இப்படி ஏதாவது இருக்கும்:

```
ACH D- INDIAN CLEARING CORP-...
```

`ACH` அல்லது `NACH` என்பது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடத்தும் தானியங்கிப் பற்று முறை. அதற்குப் பின்னால் வரும் பெயர்தான் நமக்குத் தேவையான தகவல். மேலே உள்ளது போல `INDIAN CLEARING CORP` என்றோ `ICCL` என்றோ இருந்தால், உங்கள் பணம் மும்பைப் பங்குச் சந்தையின் மியூச்சுவல் ஃபண்ட் தளம் வழியாகப் போகிறது, இப்போது அந்தச் சந்தையின் பணப் பரிமாற்றங்களைத் தீர்த்துவைக்கும் தீர்வகத்திடம் இருக்கிறது என்று பொருள். `NSE CLEARING` என்றிருந்தால் தேசியப் பங்குச் சந்தையின் தீர்வகம். ஃபண்ட் நிறுவனத்தின் பெயரே நேரடியாக இருந்தால் இடையில் சந்தை இல்லை.

உங்கள் செயலியின் பெயர் அங்கே இல்லாததைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இருக்கவும் கூடாது. 2022 ஜூலை முதல் விநியோகஸ்தரோ செயலி நடத்துபவரோ முதலீட்டாளரின் பணத்தைத் தன் கணக்கில் வாங்கிச் சேர்த்து அனுப்பக் கூடாது என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுத்திவிட்டது. ஆகவே "செயலிக்காரன் பணத்தை அமுக்கிவிட்டான்" என்ற கோபத்துக்கு இந்த இடத்தில் வேலை இல்லை. அவரிடம் பணம் போகவே இல்லை.

தீர்வகம் ஏன் உடனே அனுப்பாமல் வைத்திருக்கிறது? ஒரே நாளில் லட்சக்கணக்கான கணக்குகளில் பற்று வைக்கக் கோப்பு அனுப்பப்படுகிறது. சில வங்கிகள் காலையிலேயே எடுத்துவிடும், சில மாலை வரை இழுக்கும். யாருடைய பற்று வென்றது, யாருடையது திரும்பியது என்ற பட்டியல் எல்லா வங்கிகளிடமிருந்தும் வந்து சேர்ந்த பிறகுதான் எந்த ஃபண்டுக்கு எவ்வளவு என்று தீர்வகம் பிரிக்க முடியும். உங்கள் கணக்கில் காலை ஆறு மணிக்கே ஐயாயிரம் குறைந்திருக்கலாம், ஆனால் உங்கள் ஐயாயிரம் உண்மையில் வந்ததா என்பது அவர்களுக்கு உறுதியாவது பின்னர்தான். அதனால் சந்தை வழி எஸ்.ஐ.பி-யில் பணம் ஃபண்ட் கணக்கைத் தொடுவது பெரும்பாலும் அடுத்த வேலை நாளில். சில நேரம் அதற்கும் அடுத்த வேலை நாளில். ஃபண்ட் நிறுவனமே நேரடியாகப் பிடிக்கும்போது இந்த இடைநிலை ஒன்று குறைகிறது, யூனிட்டும் பொதுவாகச் சற்று முன்னதாக வருகிறது.

இங்கே "வேலை நாள்" என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல் தானியங்கிப் பற்று முறை ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் எல்லா நாட்களிலும் இயங்குகிறது. ஆனால் பங்குச் சந்தை அப்படி இல்லை, ஃபண்டும் அப்படி இல்லை. பணம் எடுக்கும் கை விடுமுறையில்லாமல் வேலை செய்கிறது, யூனிட் கொடுக்கும் கை வாரத்துக்கு ஐந்து நாள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்தான் என் ஆசிரியை.

அவருடைய எஸ்.ஐ.பி தேதி 10. அந்த ஏப்ரல் 10 வியாழக்கிழமை, மகாவீர் ஜெயந்தி, சந்தை விடுமுறை. தவணை 11-ம் தேதி வெள்ளிக்கு நகர்ந்தது, அன்று காலை பணம் பிடிக்கப்பட்டது. அடுத்த நாள் சனி, பிறகு ஞாயிறு. திங்கள் 14 அம்பேத்கர் ஜெயந்தி, நமக்குப் புத்தாண்டும்கூட, மறுபடியும் சந்தை விடுமுறை. வெள்ளிக்கு அடுத்த வேலை நாள் செவ்வாய் 15 தான். பணம் அன்று ஃபண்டைச் சேர்ந்தது. அன்றைய விலை அன்று இரவுதான் வெளியாகும் என்பதால் யூனிட் அவர் செயலியில் ஏறியது புதன்கிழமை. நாட்காட்டியில் பார்த்தால் ஐந்து நாள் இடைவெளி. வேலை நாளில் எண்ணினால் இரண்டுதான்.

ஆகவே எண்ணும்போது பற்று வைத்த நாளைக் கழித்துவிட்டு, சனி, ஞாயிறு, சந்தை விடுமுறைகளையும் கழித்துவிட்டு எண்ணுங்கள். மூன்று வேலை நாள் முடியும்வரை நான் யாரையும் புகார் எழுத விடுவதில்லை. நான்காவது நாளும் கடந்தால் கீழே உள்ள மற்ற அறிகுறிகளுக்கு வாருங்கள்.

"யூனிட் வந்துவிட்டது, ஆனால் பணம் போன நாளின் விலையில் இல்லை"

புதன்கிழமை ஆசிரியை மீண்டும் அழைத்தார். இம்முறை குரலில் பயம் இல்லை, வழக்கு இருந்தது. "வெள்ளிக்கிழமை காலையில் என் பணத்தை எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஏறிய விலையில் யூனிட் கொடுத்திருக்கிறார்களே, இது நியாயமா?"

கேள்வி சரியானது. பதில் கட்-ஆஃப் நேரத்தில் இருக்கிறது. அதைப் பெரும்பாலானோர் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஃபண்டின் யூனிட்டுக்கு நாளுக்கு ஒரு விலைதான். நிகரச் சொத்து மதிப்பு என்று புத்தகத்தில் இருக்கும், நாம் என்.ஏ.வி என்கிறோம். சந்தை மூடிய பிறகு அன்றைய பங்குகளின் மதிப்பைக் கூட்டிக் கணக்கிட்டு இரவு 11 மணிக்குள் வெளியிடுகிறார்கள். மாலையில் சந்தை எங்கே நின்றது என்று தெரிந்துகொண்ட பிறகு ஒருவர் அன்றைய விலைக்கே வாங்க முடிந்தால் அது மற்ற முதலீட்டாளர்களின் பையிலிருந்து எடுப்பதாகும். அதனால் ஒரு நேரக்கோடு கிழித்திருக்கிறார்கள். பங்குசார் ஃபண்டுகளுக்கும் பெரும்பாலான கடன்சார் ஃபண்டுகளுக்கும் அந்தக் கோடு பிற்பகல் 3 மணி. கோட்டுக்கு முன்பு என்றால் அன்றைய என்.ஏ.வி, பின்பு என்றால் அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி.

எது கோட்டுக்கு முன்பு வர வேண்டும் என்பதில்தான் எல்லாக் குழப்பமும். ஒரு காலத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைவான முதலீடு என்றால் விண்ணப்பம் 3 மணிக்கு முன்பு வந்திருந்தால் போதும், பணம் மெல்ல வந்து சேரலாம். 2021 பிப்ரவரி 1 முதல் செபி அதை மாற்றிவிட்டது. இப்போது தொகை ஐந்நூறோ ஐந்து கோடியோ, விண்ணப்பமும் வந்திருக்க வேண்டும், பணமும் ஃபண்டின் கணக்கில் பயன்படுத்தும் நிலையில் வந்திருக்க வேண்டும். இரண்டும் 3 மணிக்கு முன்பு. எது பிந்தி வருகிறதோ அதுதான் உங்கள் என்.ஏ.வி நாளைத் தீர்மானிக்கிறது. எஸ்.ஐ.பி-யில் விண்ணப்பம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது, எனவே பந்தயத்தில் பிந்துவது எப்போதும் பணம்தான்.

ஆக, வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும் நேரத்துக்கு இந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. அது உங்கள் கணக்கை விட்டுப் பணம் கிளம்பிய நேரம். கட்-ஆஃப் பார்ப்பது ஃபண்டின் கணக்கில் பணம் இறங்கிய நேரத்தை. நடுவில் தீர்வகத்தின் கணக்கில் அது தங்கியிருந்த நேரமும் கணக்கில் வராது. ரயில் ஏறிய நேரத்தைச் சொல்லி, கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு வந்துவிட்டேன் என்று சாதிக்க முடியாது அல்லவா, அது மாதிரி.

அந்தத் தாமதம் எவ்வளவு செலவு வைத்தது என்று பார்க்கலாம். ஆசிரியையின் ஃபண்ட் நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றுவது. வெள்ளி 11-ம் தேதி நிஃப்டி 22,828-ல் முடிந்தது, செவ்வாய் 15-ம் தேதி 23,328-ல். ஏற்றம் ஏறக்குறைய 2.19 சதவீதம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வெள்ளியின் என்.ஏ.வி-யை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செவ்வாய்க்கு 102.19. ஐயாயிரத்தில் முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், அதாவது 25 காசு, முதலில் கழியும். மீதி 4,999.75 ரூபாய். உங்கள் கணக்கறிக்கையில் ஐயாயிரத்துக்குப் பதில் இந்த விநோத எண் தெரிவது இதனால்தான், 2020 ஜூலையிலிருந்து இந்தத் தீர்வை இருக்கிறது.

வெள்ளி விலையில் கிடைத்திருக்கக்கூடியது 49.998 யூனிட். செவ்வாய் விலையில் கிடைத்தது 48.926. குறைந்தது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், பணமாகச் சொன்னால் சுமார் 110 ரூபாய்.

"பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன். ஆனால் அதே மாதத்தின் முதல் வாரத்தையும் பார்க்கச் சொன்னேன். ஏப்ரல் 4 வெள்ளியன்று நிஃப்டி 22,904. ஏப்ரல் 7 திங்களன்று 22,161, ஒரே நாளில் மூன்று சதவீதத்துக்கு மேல் சரிவு. 4-ம் தேதி பணம் பிடிக்கப்பட்டு 7-ம் தேதி யூனிட் கிடைத்தவர் வெள்ளி விலையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிக யூனிட் வாங்கினார். அவர்களில் ஒருவர்கூட எனக்குத் தொலைபேசியில் அழைத்து இது நியாயமா என்று கேட்கவில்லை. தாமதம் ஒரு மாதம் எடுக்கும், ஒரு மாதம் கொடுக்கும். இதற்காக எஸ்.ஐ.பி தேதியை 10-லிருந்து 8-க்கும் 8-லிருந்து 12-க்கும் மாற்றிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு மிஞ்சியது மேண்டேட் குழப்பம்தான்.

உண்மையில் தவறு நடந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. பணம் 3 மணிக்கு முன்பே ஃபண்டின் கணக்கில் வந்துவிட்டது, ஆனாலும் அடுத்த நாள் விலை போட்டிருக்கிறார்கள் என்றால் அது திருத்தப்பட வேண்டிய பிழை. இதை ஊகத்தில் சொல்ல முடியாது. ஃபண்ட் நிறுவனத்திடம் "என் தவணைத் தொகை திட்டத்தின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட தேதியும் நேரமும் என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பொதுவான பதில் வரும். வரவு நேரத்தைக் கேட்டால் ஒருவர் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும். பிழை அவர்கள் பக்கம் என்றால் சரியான நாளின் விலையில் மறுபடி கணக்கிட்டு யூனிட்டைத் திருத்தித் தருவார்கள்.

லிக்விட் ஃபண்டிலும் ஓவர்நைட் ஃபண்டிலும் எஸ்.ஐ.பி போட்டிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே கோடு பிற்பகல் 1.30 மணி. அதற்கு முன்பு பணம் வந்தால் முந்தைய நாளின் என்.ஏ.வி கிடைக்கும். கணக்கறிக்கையில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியிட்ட விலையைக் கண்டு கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். திங்கள் மதியத்துக்கு முன் பணம் வந்தவருக்கு அதுதான் சரியான விலை.

"யூனிட் ஒதுக்கியாகிவிட்டது என்று செய்தி வந்தது, செயலியில் காணவில்லை"

ஃபண்ட் நிறுவனமோ அதன் பதிவாளரோ யூனிட் ஒதுக்கியதாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் சிக்கல் தீர்ந்தது, மிச்சம் இருப்பது காட்சிப் பிழை. பதிவாளர் என்பவர் யூனிட் கணக்கை உண்மையில் எழுதி வைத்திருப்பவர். இந்தியாவில் பெரும்பாலான ஃபண்டுகளுக்கு கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டில் ஒன்று. செயலியில் நீங்கள் பார்ப்பது அவர்களிடமிருந்து வாங்கிய நகல்தான். நகல் ஒரு நாள் பின்தங்கலாம், மூலம் தவறாது. அதனால் ஐயம் வந்தால் மூலத்தைப் பாருங்கள். இவ்விரு பதிவாளர்களும் சேர்ந்து நடத்தும் எம்.எஃப் சென்ட்ரல் தளத்தில் பான் எண்ணையும் பதிவு செய்த கைபேசி எண்ணையும் கொடுத்தால் எல்லா ஃபண்டுகளின் ஒருங்கிணைந்த அறிக்கையையும் வாங்கலாம்.

மூலத்தில் இருந்து, செயலியில் இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, தவணை புதிய ஃபோலியோவில், அதாவது ஃபண்ட் நிறுவனம் உங்களுக்குத் தரும் வேறொரு கணக்கு எண்ணில், விழுந்திருக்கும். பழைய ஃபோலியோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. மின்னஞ்சலில் உள்ள ஃபோலியோ எண்ணையும் செயலியில் உள்ளதையும் எண் எண்ணாக ஒப்பிடுங்கள். மற்றொன்று, உங்கள் யூனிட்டுகள் டீமேட் கணக்கில் இருக்கின்றன. பங்குத் தரகரின் செயலியில் வாங்கியவர்களுக்கு இது சாதாரணம். பதிவாளர் ஒதுக்கிய பிறகு அது டெபாசிட்டரிக்குப் போய் டீமேட் கணக்கில் ஏற வேண்டும், அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த யூனிட்டுகளைத் தேட வேண்டிய இடம் என்.எஸ்.டி.எல் அல்லது சி.டி.எஸ்.எல் என்ற டெபாசிட்டரி அனுப்பும் அறிக்கை. ஃபோலியோ அறிக்கையில் இல்லை என்பதற்காக யூனிட்டே இல்லை என்று முடிவுகட்டிய ஒருவர், அதே ஃபண்டில் அவசரமாக இன்னொரு முறை பணம் போட்டுவிட்டு வந்து என்னிடம் நின்றார்.

"பணம் போனது, ஆனால் தவணை நிராகரிக்கப்பட்டது என்று காட்டுகிறது"

இப்போது உண்மையான கோளாறு. பணம் ஃபண்ட் வரை போயிருக்கிறது, அங்கே கதவு திறக்கவில்லை. பணம் திரும்பி வரும், ஆனால் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதமும் இதே நாடகம்தான்.

என் அனுபவத்தில் முதல் குற்றவாளி கே.ஒய்.சி என்ற அடையாளச் சரிபார்ப்பு. 2024 ஏப்ரலில் விதிகள் இறுகியதிலிருந்து, பல ஆண்டுகளாகத் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த முதலீடுகள்கூட நின்றன. கே.ஆர்.ஏ எனப்படும் பதிவு முகமைகளின் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் உங்கள் நிலை தெரியும். `KYC Validated` என்றிருந்தால் கே.ஒய்.சி-யில் குறையில்லை, வேறு காரணம் தேடுங்கள். `KYC On Hold` என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பான் எண்ணை ஆதாருடன் இணைக்காதது, கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ உறுதிசெய்யப்படாதது, பெரும்பாலும் இவை போன்ற ஒன்றாகத்தான் இருக்கும். பற்று வைக்கும் வேலையை வங்கியும் மேண்டேட்டும் பார்த்துக்கொள்கின்றன, அவற்றுக்கு உங்கள் கே.ஒய்.சி நிலை தெரியாது. பணம் மட்டும் ஒழுங்காகப் போய்விடுவது அதனால்தான்.

அடுத்தது, யாருடைய கணக்கிலிருந்து பணம் போனது என்பது. ஃபண்ட் மனைவி பெயரில், மேண்டேட் கணவரின் தனிக் கணக்கில் என்றால் அது மூன்றாம் நபர் பணம், ஏற்க மாட்டார்கள். கூட்டுக் கணக்காக இருந்து முதலீட்டாளரும் அதில் ஒருவர் என்றால் தடை இல்லை. வீட்டுக்குள் இதெல்லாம் ஒரே பணம்தான், சட்டத்துக்கு அப்படியல்ல.

திரும்பும் பணம் வந்த வழியிலேயே திரும்பும். சந்தை வழியாகப் போனது என்றால் ஃபண்டிலிருந்து தீர்வகத்துக்கு, அங்கிருந்து உங்கள் வங்கிக்கு. வழக்கமாக ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். அறிக்கையில் அதைத் தேடும்போது ஃபண்டின் பெயரைத் தேடாதீர்கள், பற்று வரியில் பார்த்த தீர்வகத்தின் பெயரைத் தேடுங்கள்.

"ஒரே மாதத்தில் இரண்டு முறை போய்விட்டது"

பெரும்பாலும் இரண்டும் உண்மையான தவணைகள்தான். பழைய செயலியில் எஸ்.ஐ.பி-யை நிறுத்தாமல் புதியதில் தொடங்கியிருப்பீர்கள், அல்லது நிறுத்தச் சொன்னது தவணை நாளுக்கு மிக அருகில் இருந்திருக்கும், பற்றுக் கோப்பு அதற்குள் வங்கிக்குப் போயிருக்கும். அறிக்கையில் இரண்டு பற்றுகளிலும் உள்ள மேண்டேட் எண்ணைப் பாருங்கள். வேறு வேறு எண்கள் என்றால் இரண்டு மேண்டேட்டுகள் உயிரோடு இருக்கின்றன, வேண்டாததை வங்கியின் இணையதளத்திலேயே ரத்து செய்யலாம். எண் ஒன்றாகவே இருந்தாலும், ஒரே மேண்டேட்டில் பல எஸ்.ஐ.பி-கள் ஓட முடியும் என்பதால், செயலியில் எத்தனை எஸ்.ஐ.பி நடப்பில் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்று உறுதியானால் மட்டும் அது இரட்டைப் பற்று.

நான்கு வேலை நாளும் கடந்தது, மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால்

பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் புகார் எழுதினால் வங்கி செயலியைக் காட்டும், செயலி ஃபண்டைக் காட்டும், ஃபண்ட் வங்கியைக் காட்டும். அதனால் முதலில் செயலியிடம் ஒரே ஒரு கேள்வி: இந்தத் தவணையின் ஆர்டர் எண் என்ன, தீர்வகத்திடமிருந்து ஃபண்டுக்குப் பணம் போய்விட்டதா? போய்விட்டது என்றால் அடுத்த கடிதம் ஃபண்ட் நிறுவனத்துக்கு. போகவில்லை என்றால் செயலிதான் சந்தைத் தளத்தோடு பேசித் தீர்க்க வேண்டும். வங்கிக் கிளைக்குப் போய் நிற்பதால் இதில் பயன் இல்லை, பற்று வைத்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது.

கடிதத்தில் கோபம் வேண்டாம், எண்கள் வேண்டும். நான் எழுதிக்கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இதுதான்:

"என் ஃபோலியோ எண் ____. ____ திட்டத்தில் ____ ரூபாய் எஸ்.ஐ.பி தவணை ____ தேதியன்று என் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டது. வங்கிப் பரிவர்த்தனை எண் ____, மேண்டேட் எண் ____, ஆர்டர் எண் ____. நான்கு வேலை நாட்கள் கடந்தும் யூனிட் ஒதுக்கப்படவில்லை. இத்தொகை திட்டத்தின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட தேதி, நேரம் ஆகியவற்றைத் தெரிவித்து, அந்நாளுக்குரிய என்.ஏ.வி-யில் யூனிட் ஒதுக்கவும். நிராகரித்திருந்தால் அதன் காரணத்தையும், பணம் திருப்பி அனுப்பப்பட்ட தேதியையும், திருப்பிய பரிவர்த்தனை எண்ணையும் தெரிவிக்கவும்."

கூடவே அந்த ஒரு பற்று வரி தெரியும்படி வங்கி அறிக்கையின் பக்கத்தை இணையுங்கள். மற்ற வரிகளை மறைத்துவிடலாம், உங்கள் மளிகைச் செலவு அவர்களுக்கு எதற்கு. புகார் எண் ஒன்று கொடுப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலோ பதில் கேள்விக்குப் பொருந்தாவிட்டாலோ செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் அதே வாசகத்தையும் அந்தப் புகார் எண்ணையும் பதியுங்கள். அங்கே பதிந்த புகாருக்கு நிறுவனம் 21 நாட்களுக்குள் நடவடிக்கை அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

ஆசிரியைக்கு அந்தக் கடிதம் தேவைப்படவில்லை. ஆனால் வரவு நேரத்தைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் மட்டும் அனுப்பியே தீருவேன் என்றார், அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது: 15-ம் தேதி, பிற்பகல் 1 மணி 12 நிமிடம்.

"சரிதான் சார்," என்றார். "அப்படியானால் அந்த 110 ரூபாய்?"

"மகாவீரருக்கும் அம்பேத்கருக்கும் பாதிப் பாதி" என்றேன்.